பதிவே இல்லாத நான்கு மணி நேரம்

ஒரு பல்கலைக்கழகத் துறையின் ஒலிப்பதிவுத் தரவகம் இணையத்தில் இயங்குகிறது என்று கொள்ளலாம். அதே கட்டடத்தில் உள்ள ஒரு கணினி, மணிக்கொரு முறை தளத்தைச் சோதித்து விரிதாளில் ஒரு வரிசை சேர்க்கிறது. A நெடுவரிசையில் நேரம், B-யில் UP அல்லது DOWN. D2-இல் தேதியை இட்டு அந்நாளின் இயங்குநிலை விழுக்காட்டைக் காணப் பலரும் எழுதும் சூத்திரம் இது:

```
=COUNTIFS(A:A,">="&D2,A:A,"<"&D2+1,B:B,"UP")
/COUNTIFS(A:A,">="&D2,A:A,"<"&D2+1)
```

நாளொன்றுக்கு 24 வரிசைகள் தவறாமல் வரும்வரை இதில் குறையில்லை. சிக்கல் வகுக்கும் எண்ணில் இருக்கிறது. ஒருநாள் நான்கு மணி நேரம் மின்சாரம் போகிறது. தளமும் நிற்கிறது, அதைச் சோதிக்க வேண்டிய கணினியும் நிற்கிறது. அந்த நான்கு மணி நேரத்திற்கு DOWN என்று எழுதக்கூட ஆளில்லை. மீதமுள்ள 20 வரிசைகளில் 19 UP, ஒன்று DOWN. சூத்திரம் 95% என்கிறது. உண்மையில் தளம் இயங்கியதாகச் சான்றுள்ளவை 24-இல் 19 மட்டுமே, அதாவது 79.17%. நாள் முழுதும் மின்சாரம் இல்லையெனில் #DIV/0! வரும். அதை அழகுக்காக IFERROR கொண்டு 100% என மறைப்போரும் உண்டு. மிக மோசமான நாள் அட்டவணையில் மிகச் சிறந்த நாளாகிவிடும்.

ஆகவே விழுக்காட்டுக்கு அருகில், அதற்கு அடிப்படையான வரிசைகளின் எண்ணிக்கையையும் ஒரு நெடுவரிசையாகக் காட்டுவது தேவை. அது 24-க்குக் குறைந்தால் இரு எண்கள் தரப்பட வேண்டும். பதிவில்லாத மணிகளை எல்லாம் நின்றவையாகக் கொண்டால் 19/24. இயங்கியவையாகக் கொண்டால் 23/24, அதாவது 95.83%. சோதனைகள் முழுமையாக நடந்திருந்தால் கிடைத்திருக்கும் விடை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. மின்தடை நேரம் வேறு வழியில் தெரிந்திருந்தால் முதல் எண்ணையே கொள்ளலாம். சோதிக்கும் கணினியை வேறொரு கட்டடத்திற்கு மாற்றுவது இவ்வளவு கணக்கையும் விட எளிது.

நேரம் UTC-யில் பதிவாகியிருந்தால் மற்றொரு வழுவும் நேரும். 10-ஆம் தேதி அதிகாலை 1 முதல் 4 மணி வரை நின்ற தளம், 9-ஆம் தேதியின் கணக்கில் விழும். துணை நெடுவரிசை ஒன்றில் இந்திய நேரத்தைக் கணித்து, சூத்திரத்தில் A:A என்னுமிடங்களில் C:C என மாற்றினால் போதும்:

```
=A2+TIME(5,30,0)
```

இவையெல்லாம் சீரான பின்னும், ஒரு வரிசையின் எடை 4.17%. இரு சோதனைகளுக்கு இடையே 50 நிமிடம் நின்று மீண்ட தளம் அன்றைக்கு 100% என்றே காட்டும். சோதனை நடந்த அந்த ஒரு நிமிடம் மட்டும் நின்ற தளமோ 95.83% என்று காட்டும். இத்தகைய தரவிலிருந்து ஒரு நாளுக்கு 99.9% என்னும் எண் ஒருபோதும் வர இயலாது.