கல்யாணச் சாப்பாடு எப்போது?

தமிழ்க் குடும்பங்களில் விழா என்றால் பந்தல், மேளம், பந்தி ஆகியவற்றோடு இரண்டு வினாக்களும் தவறாமல் வந்து சேரும். "சம்பளம் எவ்வளவு?" என்பது ஒன்று, "கல்யாணச் சாப்பாடு எப்போது?" என்பது மற்றொன்று. இவற்றைக் கேட்கும் உறவினர் இன்று நகைச்சுவைத் துணுக்குகளிலும் கைப்பேசியில் சுற்றிவரும் படங்களிலும் நிலையான பாத்திரமாகிவிட்டார். நடிகர் வடிவேலுவின் முகம் ஒன்றைப் போட்டு, அதன்கீழ் இவ்வினாவை எழுதிவிட்டால் போதும். நாகப்பட்டினத்தில் இருப்பவரும் நாக்பூரில் இருப்பவரும் ஒருசேரச் சிரிப்பர். ஒரு காலத்தில் எவரும் சிரிக்காமல் விடையளித்த வினாக்கள் எவ்வாறு சிரிப்புக்கு உரியவை ஆயின?

முற்காலத்தில் இவ்வினாக்களுக்குப் பின்னால் ஒரு வேலை இருந்தது. பெரும்பாலான திருமணங்கள் உறவினர் வழியாகவே கூடிவந்தன. எந்த ஊரில் யாருக்குப் பெண் இருக்கிறாள், யாருடைய மகன் வேலையில் அமர்ந்துவிட்டான் என்னும் செய்திகள் கைமாறும் இடம் விழாப் பந்தலே. அங்கே கேட்ட செய்தியை ஒரு மாமா மனத்தில் குறித்துக்கொள்வார். நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவிய சாதகப் படியைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறுவார். 'ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் செய்' என்னும் பழமொழியை, 'ஆயிரம் பேரிடம் போய்ச் சொல்லிக் கல்யாணம் செய்' என்று சிலர் விளக்குவதும் இக்காரணம் பற்றியே. திருமணத்திற்குப் பின் பிணக்கு ஏற்பட்டால், இரு வீட்டாரும் அந்த மாமாவைத்தான் முதலில் தேடி வருவர். ஆகவே, கேட்டவருக்குப் பொறுப்பும் இருந்தது.

சம்பளத்தைக் கேட்பதும் அன்று மறைபொருளைத் துருவுவதாகக் கருதப்படவில்லை. அரசுப் பணியில் இருப்பவரின் ஊதிய விகிதம் அரசாணையிலேயே அச்சாகியிருக்கும். பதவியைச் சொன்னால் சம்பளத்தை ஏறக்குறையக் கணித்துவிடலாம். மேலும், ஒரு வீட்டின் செலவில் மற்றொரு வீடு பங்கேற்றது. மொய் எழுதும் நோட்டில் பெயர், ஊர், தொகை மூன்றும் பதிவாகும்; நம் வீட்டு விழாவுக்கு வந்த தொகையை அவர் வீட்டு விழாவில் சற்றே கூட்டித் திருப்புவது வழக்கம். இடர் வந்தபோது கடன் கொடுத்தவரும் உறவினரே. ஒருவருடைய வருவாயை மற்றவர் அறிந்திருப்பது அந்த ஏற்பாட்டின் ஓர் உறுப்பாக இருந்தது.

பின்னர் அந்த வேலை வேறு கைகளுக்குச் சென்றது. நாளிதழ்களின் ஞாயிற்றுக்கிழமை மணமகன், மணமகள் விளம்பரங்களும், 1990களின் பிற்பகுதியிலிருந்து பெருகிய திருமண இணையதளங்களும் மாமாவின் இடத்தை எடுத்துக்கொண்டன. திருமணச் செலவுக்கு வங்கி கடன் கொடுத்தது. தனியார் நிறுவனங்கள் பல, ஊதியத்தை உடன் பணிபுரிவோரிடம்கூடச் சொல்லவேண்டாம் என்று அறிவுறுத்தின. பிழைப்பின் பொருட்டுப் பிள்ளைகள் வெளிமாநிலம் சென்றதால், உறவினர் சந்திப்பு ஆண்டுக்கு ஒருமுறை என்று சுருங்கியது. வேலை போயிற்று, வினா மட்டும் நின்றுவிட்டது. அத்துடன், முன்பு பெற்றோரிடம் கேட்கப்பட்டது இப்போது இளைஞரிடம் நேராகவே கேட்கப்படலாயிற்று.

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நடந்த காதணி விழாவை எடுத்துக்கொள்வோம். நாக்பூரில் குடியேறிய குடும்பத்தின் மகன் புனேயிலிருந்து வந்திருந்தான். வயது இருபத்தெட்டு. வாயிலில் சந்தனம் எடுத்து, கற்கண்டை வாயில் போடுவதற்குள் பெரியப்பா ஒருவர் தொடங்கிவிட்டார்.

"எப்போப்பா வந்தே?"

"காலையிலதான் பெரியப்பா."

"எப்போ கிளம்புறே?"

"நாளைக்கு ராத்திரி."

"இன்னும் அதே கம்பெனிதானா? கைக்கு எவ்வளவு வருது?"

"ஏதோ வருது பெரியப்பா, செலவுக்குச் சரியா இருக்கு."

"அப்புறம் என்ன? கல்யாணச் சாப்பாடு எப்போ போடப் போறே?"

அவன் விடைக்கு வாய் திறந்தபோது, பந்திக்கு இலை போட்டாயிற்று என்று யாரோ குரல் கொடுத்தனர். பெரியப்பா விடையைப் பெறாமலேயே நகர்ந்தார். அடுத்த ஒரு மணி நேரத்தில் வேறு மூவர் அதே வரிசையில் அதே வினாக்களைக் கேட்டனர். அவனுடைய தங்கையிடம் மட்டும் வரிசை மாறியது: திருமணம் முதலில் வந்தது, சம்பளம் வரவேயில்லை.

அன்று இரவு மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்த பிள்ளைகள் அந்தப் பகலை நடித்துக் காட்டினர். ஒருவன் துண்டைத் தோளில் போட்டுப் பெரியப்பா ஆனான். "கைக்கு எவ்வளவு வருது?" என்று அவன் கேட்க, மற்றவன் பணிவாக, "பத்தலை பெரியப்பா, ஒரு ஐயாயிரம் கொடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்" என்றான். உடனே 'பெரியப்பா' துண்டை உதறிப் பந்தியை நோக்கி ஓடினார். மாடி முழுவதும் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து பிறந்தது என்று பார்க்கவேண்டும். வினாக்களின் வரிசை எல்லோருக்கும் மனப்பாடம். எனவே முன்னுரை தேவைப்படவில்லை. வினா மேலிருந்து கீழே மட்டுமே வரும், "உங்களுக்கு எவ்வளவு ஓய்வூதியம்?" என்று இளையவர் பெரியவரைத் திருப்பிக் கேட்பது மரியாதை ஆகாது. பகலில் சொல்ல முடியாத விடைக்கு இரவு நாடகம் இடம் கொடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஐயாயிரம் ரூபாய் பழைய கணக்கை நினைவூட்டியது. சம்பளத்தைக் கேட்பவர் சுமையிலும் பங்கு கொள்வார் என்பது முன்னைய வழக்கம். கேட்கும் உரிமையை வைத்துக்கொண்டு, தாங்கும் பொறுப்பை விட்டுவிட்டவரே அங்கு நகைப்புக்கு உள்ளானார்.

எனினும், பெரியப்பாவைத் தீயவர் என்று கொள்வதற்கில்லை. புனேயில் அவன் கணினியில் என்ன செய்கிறான் என்பதை அவர் அறியார். அவர் வயலில் இவ்வாண்டு என்ன விளைந்தது என்பதை அவன் அறியான். இருவருக்கும் பொதுவாக எஞ்சிய பேச்சு அவ்வளவே. 'உன்னை நான் மறக்கவில்லை' என்று சொல்ல அவரிடம் வேறு சொற்கள் இல்லை.

நகைச்சுவைக்கும் ஓர் எல்லை உண்டு. வேலை இழந்தவரிடமோ, நிச்சயித்த திருமணம் நின்றுபோனவரிடமோ இதே வினா சென்றால், அவர் அடுத்த விழாவுக்கு வராமலே இருந்துவிடுவார். மாடியில் நடித்துச் சிரிப்பவர் ஒருவகை. விழாவையே தவிர்ப்பவர் மற்றொரு வகை. பின்னவர் அவ்வினாவைப் பற்றிய படத்தைக் கைப்பேசியில் கண்டாலும் சிரிப்பதில்லை.

அதே காதணி விழாவில் அத்தை ஒருவரும் அவனிடம் வினா எழுப்பினார். "ராத்திரிச் சாப்பாட்டுக்கு அங்கே என்னப்பா பண்றே?" என்று கேட்டு, பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். அவன் தானே சமைக்கும் ரசத்தில் புளிப்பு மிகுந்துவிடுவதைச் சொல்லி முடிக்கும்வரை இருந்து கேட்டார். புளியின் அளவைக் குறைக்கும் வகையையும் சொல்லிக்கொடுத்தார். அன்று இரவு மொட்டை மாடியில் எல்லா உறவினரையும் நடித்துக் காட்டிய பிள்ளைகளுள் எவரும் அந்த அத்தையை நடிக்கவில்லை.