காலியாகாத தண்ணீர் பாட்டில்

பெங்களூரின் கிழக்குப் புறநகரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில், ஜூலை மாதத்தின் நடுவிலிருந்து எல்லாக் காலைகளும் ஒரே விதமாக விடியத் தொடங்கின. ஆறேமுக்காலுக்கு ஆறு வயது மகளை எழுப்புவார்கள். பல் துலக்கும்வரை குறையொன்றும் இராது. சீருடையைக் கண்டதும் கை தொப்புளுக்குப் போகும். "அம்மா, வயிறு வலிக்குது." ஏழரைக்கு அழுகை, சில நாள் வாந்தி. ஏழு ஐம்பதுக்கு வேன் வந்து ஒலியெழுப்பும்போது குழந்தை கட்டிலின் காலைப் பற்றிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

வீட்டில் மூவருக்கும் மூன்று விளக்கங்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்றார் தந்தை. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். தான் வேலைக்குப் போவதே காரணம் என்று தாய் உள்ளுக்குள் குமைந்தார். இரண்டு வாரத்துக்குள் அவருக்கு நான்கு நாள் விடுப்பு கரைந்தது. ஒருநாள் பொறுமையிழந்த தந்தை குழந்தையைத் தூக்கிச் சென்று பள்ளி வாசலில் இறக்கிவிட்டார். அன்று முழுவதும் அவள் வகுப்பில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. மறுநாள் அழுகை ஆறரைக்கே தொடங்கியது.

முதலில் அவர்கள் குழந்தை மருத்துவரிடம் சென்றது சரியான செயல். பள்ளிக்குப் போக மறுக்கும் குழந்தையின் வயிற்றுவலி பெரும்பாலும் நடிப்பன்று. அச்சம் குடலை உண்மையாகவே முறுக்குகிறது. ஆயினும் வேறு நோய் இல்லையென்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எடை குறைந்திருக்கிறதா, வலி இரவில் உறக்கத்தைக் கலைக்கிறதா, காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ உண்டா, தொப்புளை விட்டு விலகிய ஓரிடத்தில் வலிக்கிறதா என்று மருத்துவர் வினவினார். சிறுநீரும் பரிசோதிக்கப்பட்டது. எதிலும் குறையில்லை. பின்னர் அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஞாயிற்றுக்கிழமை வலிக்குதா?" தாய் யோசித்தார். ஞாயிறு பகலில் வலி வந்ததே இல்லை. மாலை ஏழு மணிக்குமேல் வந்திருக்கிறது. மருத்துவர் அவர்களை ஒரு குழந்தை உளவியலாளரிடம் அனுப்பினார்.

இந்நிலைக்கு ஆய்வுலகில் நெடிய வரலாறு உண்டு. 1941இல் அடிலெய்ட் ஜான்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதனைப் பள்ளி அச்சம் என்று அழைத்தனர். தாயைப் பிரிய இயலாத குழந்தையே அவர்களது கவனத்தின் மையத்தில் இருந்தது. பள்ளி மறுப்பு என்னும் பொதுப்பெயர் பின்னர் நிலைபெற்றது. 1990இல் கியர்னியும் சில்வர்மனும் கேள்வியையே மாற்றி அமைத்தனர்: இக்குழந்தைக்கு என்ன நோய் என்று கேட்பதைவிட, வீட்டில் தங்குவதால் இதற்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பது பயன்தரும். விடைகள் நான்கு. பள்ளியில் அச்சமூட்டும் ஏதோ ஒன்றிலிருந்து விலகல், பிறர் முன் பேசுவது, தேர்வெழுதுவது போன்றவற்றிலிருந்து தப்புதல், பெற்றோரின் அருகாமை, வீட்டில் கிடைக்கும் இன்பங்கள். ஒரே குழந்தையிடம் இவற்றில் இரண்டு பின்னியிருப்பது வழக்கம்.

உளவியலாளர் பெற்றோரிடம் ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொள்ளச் சொன்னார். பத்து பள்ளி நாள்கள். அழுகை தொடங்கிய நேரம், ஓய்ந்த நேரம், அதன்பின் வீட்டில் நடந்தது, பள்ளிக்குச் சென்ற நாளில் திரும்பி வந்ததும் செய்தது. ஏன் போக மாட்டாய் என்ற கேள்வியை மட்டும் நிறுத்திவிடச் சொன்னார். ஆறு வயதுக் குழந்தை அதற்குப் பெரியவர்களை விரைவில் அமைதிப்படுத்தக்கூடிய விடையைத்தான் தேடித் தரும். இவளும் ஒருநாள் மிஸ் திட்டினார் என்றாள், மறுநாள் தோழி பேசவில்லை என்றாள், அதற்கடுத்த நாள் தலை வலிக்கிறது என்றாள்.

குறிப்பேட்டின் முதல் பகுதி தாயைச் சுட்டது. வேன் போன பிறகு அழுகை கால்மணி நேரத்தில் அடங்கியிருந்தது. பத்தரைக்குப் பாட்டி நெய்த்தோசை ஊற்றினார், பதினொன்றுக்குத் தொலைக்காட்சி, பிற்பகலில் தாயின் மடியில் கதை. குழந்தை திட்டமிட்டு ஏமாற்றவில்லை. அச்சத்தின் உச்சியில் அழுதாள், வேன் போனது, அச்சம் சட்டென்று இறங்கியது. அந்த நிம்மதியே அவளுக்குப் பாடமாயிற்று: அழுதால்தான் இது தீரும். ஒவ்வொரு நாளும் அப்பாடம் ஆழப் பதிந்தது. தோசையும் கதையும் அதன்மேல் பூசிய நெய்.

ஆனால் மறுப்பை வளர்த்தது இதுவென்றால், தொடங்கியது எது? அதனைக் கண்டவர் தந்தை. வலப்பக்கப் பத்தியில் அவர் எழுதிவைத்த ஒரு வரி, பள்ளிக்குச் சென்ற நான்கு நாள்களிலும் திரும்பத் திரும்ப வந்திருந்தது. தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே வந்தது. அதற்குக் கீழே தாயின் கையெழுத்தில்: ஷூவைக் கழற்றாமலே கழிவறைக்கு ஓடினாள்.

அடுத்த அமர்வில் உளவியலாளர் ஒரு நீளத்தாளில் பள்ளி நாளைக் கட்டம் கட்டமாக வரைந்தார். வேன், வாசல், வழிபாடு, முதல் பாடவேளை, பத்து இருபதின் சிற்றுண்டி இடைவேளை, மதிய உணவு, கடைசி மணி. பிடித்த கட்டத்துக்குப் பச்சை, பயமான கட்டத்துக்குச் சிவப்பு. தாயைப் பிரியும் வேனுக்கு அவள் மஞ்சள்தான் பூசினாள். பாடவேளைகளுக்குப் பச்சை. இரண்டு இடைவேளைகளுக்குப் பிறகும் வரும் கட்டங்களைச் சிவப்பால் அழுத்தி அழுத்தித் தாள் கிழியும்வரை தேய்த்தாள். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, நெடுநேரம் கழித்துச் சொன்னாள்: "அங்க கேக்கணும்."

அவள் முந்தைய ஆண்டு படித்தது வீட்டுக்கு அருகிலிருந்த சிறு மழலையர் பள்ளி. அங்கிருந்த ஆயா தமிழ் அறிந்தவர். ஜூனில் சேர்ந்த பெரிய பள்ளியில் வகுப்பறைக்குள் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும், வெளியே கன்னடம். கழிவறைக்குச் செல்ல எழுந்து நின்று, 'மே ஐ கோ டு த வாஷ்ரூம், மிஸ்' என்று முழு வாக்கியமாகக் கேட்க வேண்டும். ஜூலை முதல் வாரத்தில் வந்த காய்ச்சலால் பத்து நாள் விடுப்பு. திரும்பிச் சென்ற மூன்றாம் நாள் அவ்வாக்கியம் நடுவில் நின்றுவிட்டது. ஒழுங்காகக் கேள் என்றார் ஆசிரியர், சில பிள்ளைகள் சிரித்தனர், அவள் உட்கார்ந்துவிட்டாள். கடைசி மணிக்கு முன் பாவாடை நனைந்தது. அன்று மாலை பெருமழை. வேனிலிருந்து இறங்கிய குழந்தை முழுதும் நனைந்திருந்ததால், பாட்டி ஒன்றும் அறியாமல் சீருடையைப் பிழிந்து உலர்த்தினார். மறுநாளிலிருந்து அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டாள். அதைக் கேட்டபோது தாய் அழவில்லை. அந்த மாலையில் துவாலையால் தலை துவட்டியது தான்தானே என்பதை மட்டும் மெல்லச் சொன்னார்.

தொடங்கிய காரணத்தை மட்டும் நீக்கினால் போதும் என்று இவ்விடத்தில் பல பெற்றோர் நம்புவர். போதாது. பல வாரங்களாக நிம்மதி கற்பித்த பாடம் காரணம் நீங்கிய பின்னும் தொடரும். மறுபுறம், கழிவறை அச்சத்தை அப்படியே விட்டு வருகையை மட்டும் வற்புறுத்தினால், அது ஒரு சிறுமியைத் தாகத்தோடு ஆறு மணி நேரம் உட்காரவைப்பதாகும். இரண்டையும் ஒருசேரச் சரிசெய்ய வேண்டும்.

பள்ளியில் நடந்த சந்திப்பில் பெற்றோர் குற்றம் சாட்டவில்லை. கட்டம் போட்ட தாளைக் காட்டினர். கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 29ஆம் பிரிவு, குழந்தை அச்சமும் பதற்றமும் இன்றிக் கற்பதையும், தன் கருத்தைத் தடையின்றி வெளியிடுவதையும் பாடத்திட்டத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. அதனை எடுத்துச் சொல்லும் தேவை எழவில்லை. வகுப்பாசிரியர் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, மேசையில் வைத்தால் போதும், பேச வேண்டாம் என்று ஒரு நீல அட்டைக்கு ஒப்புக்கொண்டார். இரு இடைவேளைகளிலும் ஆயா தாமே வந்து அழைத்துச் செல்வார் என்பதும் முடிவாயிற்று.

முதல் இரண்டு நாள் மாலை மூன்று மணிக்கு, ஆளில்லாப் பள்ளிக்குத் தாயும் மகளும் சென்றனர். கழிவறைத் தாழ்ப்பாளை அவளே பலமுறை போட்டுத் திறந்தாள். அடுத்த மூன்று நாள் பத்து இருபது இடைவேளை முடியும்வரை மட்டும் வகுப்பு. இரண்டாம் வாரம் மதிய உணவுவரை. மூன்றாம் வாரம் முழு நாள். இதில் மாறாத விதி ஒன்று: வீடு திரும்பும் நேரத்தைக் கடிகாரம் முடிவுசெய்யும், அழுகை முடிவுசெய்யாது. அச்சம் ஏறும், நிற்கும், பின் தானே இறங்கும். உச்சியில் அழைத்து வந்துவிட்டால், அது தானே இறங்கும் என்பதைக் குழந்தை அறியவே வாய்ப்பில்லை.

காலையில் தாய்க்குப் பதில் தந்தை கொண்டுவிட்டார். விடைபெறல் ஒரே வாக்கியம்: "பத்து இருபது முடிஞ்சதும் அப்பா வாசல்ல இருப்பேன், பாப்பா." சொன்னபடி இருந்தார். வெளியிலேயே நிற்பேன் என்ற பொய்யும், பார்க்காதபோது நழுவிப்போவதும் முன்பு அவர் செய்தவை. இரண்டும் மறுநாள் பிடியை இறுக்கவே பயன்பட்டிருந்தன. வீட்டில் தங்க நேர்ந்தால் பள்ளி நேரத்தில் தொலைக்காட்சி இல்லை, சிறப்புப் பலகாரம் இல்லை. அது தண்டனை அன்று. சாதாரணமான, சற்றே சலிப்பூட்டும் ஒரு பகல். பாட்டிக்குத்தான் இது கடினமாக இருந்தது.

நான்காம் நாள் அழுகை முன்னிலும் பெருகியது. உளவியலாளர் இதனை முன்பே சொல்லியிருந்தார்: பழைய வழி பலிக்காதபோது குழந்தை அதையே இன்னும் உரக்க முயலும். அன்று இரங்கி அழைத்து வந்திருந்தால், உரக்க அழுதால் பலிக்கும் என்ற புதிய பாடம் பிறந்திருக்கும். ஒன்பது நாற்பதுக்கு அழுதவள், இடைவேளை முடிந்து தந்தை வந்தபோது ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் பாட்டிலில் இரண்டு விரல் அளவு குறைந்திருந்தது.

இவ்வழி எல்லாக் குழந்தைக்கும் பொருந்தாது. உடலில் காயம், குறிப்பிட்ட ஓர் ஆளின் பெயரைக் கேட்டதும் நடுக்கம், உள்ளாடை மாற்றும்போது அச்சம் ஆகியவை தென்பட்டால் படிப்படியாகப் பழக்குவது கொடுமையாகிவிடும். அங்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அதற்கே உள்ளது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் நாள்களில் மட்டும் அழும் குழந்தைக்குக் கற்றல் குறைபாடு உண்டா என்று பார்க்க வேண்டும். தாயைப் பிரியும் அச்சம் பள்ளிக்கு அப்பால் உறக்கத்திலும் விளையாட்டிலும் நான்கு வாரத்துக்குமேல் நீடித்தால், அது தனிச் சிகிச்சைக்குரியது.

தசரா விடுமுறை முடிந்த முதல் திங்களன்று வயிற்றுவலி திரும்பி வந்தது. பெற்றோர் அதை எதிர்பார்த்திருந்தனர். தந்தை பைக்கின் அருகே காத்திருந்தார். தாய் வயிற்றைத் தடவி, வலிக்கும் என்பதை மறுக்காமல், சீருடைப் பொத்தான்களைப் போட்டுவிட்டார். நீல அட்டை பையில் இருக்கிறதா என்று மகள் ஒருமுறை திறந்து பார்த்தாள். மாலையில் பாட்டில் பாதி காலியாக வந்தது. அட்டையை அன்று எடுக்கவே இல்லை, வாயால் கேட்டேன் என்றாள். எந்த மொழியில் என்று யாரும் கேட்கவில்லை.