ஆறுமாத வேலையும் அங்கீகாரமும்

தீவகத்தார் பொருள் தேடிக் கடல் கடப்பது புதுமையன்று. புங்குடுதீவிலும் வேலணையிலும் பிறந்தோர் ஒருகாலத்தில் தென்னிலங்கைப் பட்டினங்களிலே கடை வைத்து வாழ்ந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகளோ இன்று கைத்தொலைபேசியில் இங்கிலாந்தின் பழத்தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

என்னிடம் முன்பு பயின்ற நயினாதீவு இளைஞர் ஒருவர் அண்மையில் ஒரு கடிதத்தைக் காட்டினார். இங்கிலாந்துத் தோட்டமொன்றின் பெயரில் வந்த கடிதம் அது. ஆறு மாதம் ஸ்ட்ரோபெரி பறிக்கும் வேலை. பின்பு ஹோட்டல் வேலை. முற்பணம் ஆறு இலட்சம் ரூபாய். தாயாரின் தாலிக்கொடியை அடகு வைப்பதென்று வீட்டிலே முடிவாகியிருந்தது.

“சேர், ஏஜன்சிக்கு லைசென்ஸ் இருக்கு. பிறகென்ன பயம்?” என்றார்.

இங்கேதான் பலரும் இடறுகின்றனர். அனுமதிப்பத்திரம் முகவருக்கு உரியது, வேலைக்கு உரியதன்று. இன்ன நாட்டில், இன்ன வேலைக்கு, இத்தனை பேர், இவ்வளவு சம்பளம் என்னும் விவரங்களை முகவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்குச் சமர்ப்பித்து, அந்த வேலைக்கெனத் தனியாக அங்கீகாரம் பெறவேண்டும். வளைகுடா நாட்டுக்கு ஆளனுப்ப அங்கீகாரம் பெற்றவர் அதே பத்திரத்தைக் காட்டி இங்கிலாந்துக்கு ஆள் சேர்த்தல் ஆகாது. ஆதலின் 1989 என்னும் இலக்கத்தில் பணியகத்தை அழைத்து இரண்டு கேள்விகள் கேட்டோம். அனுமதிப்பத்திரம் செல்லுபடியாகுமா? ஆம் என்றனர். இந்த வேலைக்கு அங்கீகாரம் உண்டா? இல்லை என்றனர்.

உண்மையில் அந்தக் கடிதமே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இங்கிலாந்தின் பருவகாலத் தொழிலாளர் விசாவுக்குத் தோட்டக்காரர் நேரடியாக ஆதரவுச் சான்று வழங்க முடியாது. அந்நாட்டு அரசு உரிமமளித்த ஒருசில நிறுவனங்களே வழங்கலாம். அவற்றின் பெயர்களை gov.uk தளத்திற் காணலாம். கடிதத்தில் அவற்றுள் ஒன்றுகூட இல்லை. மேலும், அந்த விசா பழம், காய்கறி, பூ முதலிய தோட்ட வேலைகளுக்கும், நத்தாரை ஒட்டிய கோழி இறைச்சி வேலைக்குமே உரியது. ஹோட்டலுக்கு அதிலே இடமில்லை. விசாக் கட்டணமும் விமானச் செலவும் தொழிலாளி கொடுக்க நேரிடலாம்; ஆனால் வேலை தேடித் தந்ததற்கென ஆள்சேர்ப்பவர் பணம் வாங்குவது அந்நாட்டில் விலக்கப்பட்டது.

சில திட்டங்களை நாட்டின் பெயரைக்கொண்டே அறியலாம். அவுஸ்திரேலியாவின் ‘பாம்’ எனப்படும் பருவகால வேலைத்திட்டம் பசுபிக் தீவு நாடுகளுக்கும் திமோருக்கும் மட்டுமே உரியது. இலங்கையருக்கு அதில் இடம் வாங்கித் தருவதாக எவர் சொன்னாலும், மேற்கொண்டு விசாரிக்க வேண்டியதில்லை.

எங்கள் இளைஞர் முகவரிடம் பணியகத்தின் அங்கீகார இலக்கத்தையும், பணத்துக்குப் பற்றுச்சீட்டையும் கேட்டார். “வங்கிக் கணக்குக்குப் போடுங்கோ, சீட்டுப் பிறகு பார்ப்பம்” என்று மறுமொழி வந்தது. அந்தக் கணக்கோ தனியாள் ஒருவரின் பெயரில் இருந்தது. கொடி அடகுக்குப் போகவில்லை.

தொலைபேசியில் விசாரிக்கத் தயங்குவோர் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் கடிதத்தை நேரிற் காட்டலாம். நெடுந்தீவுக்குத் தனிச் செயலகம் உண்டு. நயினாதீவார் குறிகட்டுவானுக்குப் படகேறி வேலணைக்குச் செல்லவேண்டும்.