நட்டு கழண்டுச்சா, தளர்ந்துச்சா?

கடலூர் தேவனாம்பட்டினத்துல என் மாமாவுக்கு ஒரு ஃபைபர் படகு இருக்கு. ஒத்தை சிலிண்டர் டீசல் எஞ்சின், பின்னாடி நீளமான ஷாஃப்ட், அதோட முனையில ப்ரொபெல்லர். ஒத்தை சிலிண்டர்ங்கறதால ஒவ்வொரு அடிக்கும் படகே உதறும். எஞ்சினோட நாலு காலும் ஒரு இரும்பு பிரேம்ல 12 மில்லி போல்ட்டால மாட்டியிருக்கும். அந்த பிரேம், படகோட மரக்கட்டையில தனி போல்ட்டுகளால நிக்கும். வாரத்துக்கு ரெண்டு தடவையாவது மாமா ஸ்பேனரை எடுத்து எல்லாத்தையும் இறுக்குவார். கரையில இருக்கும்போது இது சின்ன வேலைதான். ராத்திரி நடுக்கடல்ல எஞ்சின் காலே ஆட ஆரம்பிச்சா ஷாஃப்ட் வளையும், கரைக்கு இழுத்துட்டு வர இன்னொரு படகு வேணும்.

"ஸ்பிரிங் வாஷர் போட்டும் ஏன்டா கழலுது?"ன்னு மாமா கேட்டார். நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சவன்கிட்ட கேக்க வேண்டிய நியாயமான கேள்விதான்.

பதில் 1969லயே வந்துடுச்சு. ஜெர்மனியைச் சேர்ந்த ஜெர்ஹார்ட் யுங்கர் ஒரு மெஷின் செஞ்சு, இறுக்கின போல்ட்டை அதோட அச்சுக்குக் குறுக்கா, பக்கவாட்டுல ஆட்டிப் பார்த்தார். மேலும் கீழும் இழுக்கறதைவிட இந்தப் பக்கவாட்டு ஆட்டம்தான் நட்டை வேகமா கழட்டுதுன்னு தெரிஞ்சது. காரணம் இதுதான். மரை என்பது போல்ட்டைச் சுத்தின ஒரு சரிவு. சாய்ஞ்ச பலகை மேல ஒரு செங்கல் உராய்வால நிக்குதுன்னு வச்சுக்கோங்க. அதைப் பக்கவாட்டுல தட்டிக்கிட்டே இருந்தா, ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் கீழேயும் இறங்கும். பக்கவாட்டுல வழுக்கற அந்த நொடியில, கீழ் நோக்கிப் பிடிச்சு வைக்க உராய்வு மிச்சமில்லை. நட்டும் அப்படித்தான் துளித்துளியா பின்னால சுத்துது. ஸ்பிரிங் வாஷர் முழுசா அமுங்கின பிறகு சாதா வாஷர் மாதிரிதான். அதோட ஸ்பிரிங் விசை, போல்ட்டோட இறுக்கத்துக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை.

அதனால முதல் மருந்து பசை இல்லை, இறுக்கம். ரெண்டு தகடும் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்காத அளவுக்கு அழுத்தமா இருந்தா, நட்டு சுத்தவே வாய்ப்பு இல்லை. எவ்வளவு அழுத்தம்? எஞ்சின் கால் போல்ட் தலையில 8.8ன்னு இருந்துச்சு. 12 மில்லி போல்ட்டோட மரைப் பகுதி பரப்பு 84.3 சதுர மில்லி. இந்த ரகம் சதுர மில்லிக்கு 580 நியூட்டன் வரை நிரந்தரமா நீளாம தாங்கும். அதுல முக்கால் பங்கு எடுத்தா சுமார் 36,700 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட மூணே முக்கால் டன் அழுத்தம். டார்க் கணக்கு

T = K × F × d

K-ங்கறது உராய்வைச் சேர்த்த ஒரு எண். காய்ஞ்ச சாதா இரும்பு போல்ட்டுக்கு 0.2ன்னு எடுப்போம். அப்போ 0.2 × 36,700 × 0.012 = சுமார் 88 நியூட்டன் மீட்டர்.

இங்கதான் எனக்கே ஆச்சரியமா இருந்த விஷயம். மரையில எண்ணெய் இருந்தா K சுமார் 0.15க்கு இறங்கும். அதே 88ஐ வச்சு இறுக்கினா அழுத்தம் கிட்டத்தட்ட 48,900 நியூட்டன் ஆயிடும். அது அந்த போல்ட் தாங்கற எல்லையே. எண்ணெய் போட்டா டார்க்கைச் சுமார் 66க்குக் குறைக்கணும். ரெஞ்ச் காட்டற எண் அழுத்தத்தை நேரா அளக்கறதில்லை, உராய்வோட சேர்த்துதான் அளக்குது. மாமா ஸ்பேனர்ல பைப்பு மாட்டி இறுக்கற பழக்கத்துல ரெண்டுமே தெரியாது.

சிதம்பரத்துல ஒரு ஹார்டுவேர் கடையில நீல நிற லாக்டைட் பாட்டில் ஒண்ணு வாங்கினேன். சிவப்பு வேணுமான்னு கடைக்காரர் கேட்டார், வேண்டாம்னுட்டேன். சிவப்பு ரகத்தைக் கழட்ட 250 டிகிரி வரை சூடு காட்டணும். ஃபைபர் படகுல, டீசல் டாங்குக்குப் பக்கத்துல அதை யாரு காட்டறது? நீலத்தைச் சாதா ஸ்பேனராலயே கழட்டலாம்.

இந்தத் திரவத்தோட குணம் விசித்திரமானது. 1953ல அமெரிக்காவுல ஹார்ட்ஃபோர்டு நகரத்துல வெர்னன் க்ரீபிள்ங்கற வேதியியல் பேராசிரியர் உருவாக்கினது. காத்து படற வரைக்கும் திரவமாவே இருக்கும். இரும்புக்கு நடுவுல காத்து இல்லாம அடைஞ்சாதான் கெட்டியாகும். பாட்டில் பாதி காலியா வர்றது கடைக்காரர் ஏமாத்தறது இல்லை, உள்ள காத்து வேணும்னுதான். கெட்டியானதும் மரைக்கு நடுவுல இருக்கற சின்ன இடைவெளியை நிரப்பிடும். அப்புறம் பக்கவாட்டுல வழுக்க இடமே கிடையாது.

ரெண்டு நிபந்தனை. மரையில எண்ணெய், உப்பு, பழைய துரு இருக்கக் கூடாது. பிரஷ் போட்டு, கிளீனர்ல துடைச்சு, உலர விட்டோம். அடுத்து, ஈரமா இருக்கும்போது இந்தப் பசையும் எண்ணெய் மாதிரி வழுக்கும், அதனால அந்தப் பசையோட தாள்ல போட்டிருக்கற K எண்ணை வச்சு டார்க்கைக் கணக்கு போடணும். ஈரம் இருக்கும்போதே டார்க் ரெஞ்ச்ல ஒரே தடவை இறுக்கி விட்டுடணும். கெட்டியான பிறகு "இன்னும் ஒரு திருப்பு" கொடுத்தா பிடிப்பு உடைஞ்சிடும். முழு பலத்துக்கு 24 மணி நேரம். சாயங்காலம் இறுக்கிட்டு, அடுத்த நாள் கடலுக்குப் போக வேண்டாம்னு மாமாகிட்ட சம்மதம் வாங்கறதுதான் பெரிய வேலையா இருந்துச்சு.

பிரேம்-மரக்கட்டை போல்ட்டுகள் வேற கதை. உப்புக்காக அங்க எவர்சில்வர் போல்ட் போட்டிருந்தாங்க. எவர்சில்வர்ல இந்தப் பசை மெதுவா, அரைகுறையாத்தான் பிடிக்கும், அதுக்குன்னு ஒரு ஆக்டிவேட்டர் தடவணும். அதைவிடப் பெரிய பிரச்சனை மரம்தான். சாதா வாஷருக்கு அடியில 36,700 நியூட்டன் கொடுத்தா சதுர மில்லிக்கு 115 நியூட்டன் வரும். எந்தக் கட்டையும் நசுங்கிடும். மெதுவா நசுங்க நசுங்க, நட்டு ஒரு துளி கூட சுத்தாமலே இறுக்கம் போயிடும். எந்தப் பசையும் அதைத் தடுக்காது. அங்க 75 மில்லி சதுரத்துல தடிமனான தகடு வச்சு, டார்க்கையும் நல்லா குறைச்சு, கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும் இறுக்கணும். அதனாலயே அந்த போல்ட்டுகள்ல பசை போடலை.

எது எந்த நோய்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. இறுக்கின உடனே நட்டுலேர்ந்து தகடு வரைக்கும் வெள்ளை பெயிண்ட்ல நேர்கோடு போடுங்க. கோடு உடைஞ்சிருந்தா நட்டு சுத்தியிருக்கு. கோடு நேரா இருந்தும் போல்ட் தளர்வா இருந்தா அடியில ஏதோ அமுங்கியிருக்கு. நட்டைச் சுத்தி செம்பழுப்பு தூள் இருந்தா தகடுகள் ஒண்ணு மேல ஒண்ணு தேயுது.

மூணு வாரம் கழிச்சு போய் பார்த்தேன். எஞ்சின் கால்ல நாலு கோடும் நேராவே இருந்துச்சு, தூளும் இல்லை. மரக்கட்டைப் பக்கத்துல கோடு ஒண்ணும் உடையலை, ஆனா ரெண்டு நட்டு கையாலேயே திரும்பிச்சு. தகட்டைத் தூக்கிப் பார்த்தா, பழைய வாஷர் பதிஞ்ச வட்டக் குழி கட்டையில அப்படியே இருந்துச்சு, அதுல மழைத்தண்ணி ஊறி மரம் பஞ்சு மாதிரி ஆகியிருந்துச்சு.

"கட்டையை மாத்தணும்டா"ன்னார் மாமா. அடுத்த வாரம் ஆசாரிகிட்ட சொல்லியிருக்கார்.