சீரம் பூசப் பூச வறண்டுபோன என் மகளின் கன்னம்!

சென்னையில் இருந்தவரை என் டிரெஸ்ஸிங் டேபிளில் இருந்த ஒரே ஆடம்பரம், ஒரு சின்ன ஹையலூரானிக் ஆசிட் சீரம் பாட்டில்தான். ராத்திரி முகம் கழுவித் துடைத்துவிட்டு மூன்று சொட்டு தடவினால் போதும், காலையில் கன்னம் இட்லி மாதிரி மெத்தென்று இருக்கும். மேலே க்ரீம் எதுவும் போட்டதில்லை. சென்னைப் புழுக்கத்தில் யாருக்குத்தான் க்ரீம் பூசத் தோன்றும்?

கணவருக்கு ரியாத்தில் வேலை கிடைத்து, ஏப்ரலில் நாங்கள் எல்லோரும் அங்கே போனோம். சீரமும் கூடவே வந்தது. இரண்டாவது வாரமே எனக்கு உதடு வெடித்தது. பத்தாவது படிக்கும் மகளோ, "அம்மா, முகம் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கும்மா" என்றாள். நான்தான் என் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். "காலைல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை போடு, சரியாகிடும்."

சரியாகவில்லை. பூசிய பத்தாவது நிமிடம் மறுபடி இழுத்தது. "இன்னும் ரெண்டு சொட்டு சேர்த்துப் போடு" என்றேன். மே மாதம் பள்ளி விழாவுக்கு முந்தைய நாள் பார்த்தால், இரண்டு கன்னத்திலும் மாவு உதிர்வதுபோலத் தோல் உரிந்து, அடியில் சிவந்து கிடந்தது. சீரம் பட்டதும் "எரியுதும்மா" என்று கத்தினாள். மறுநாள் அவள் மேடை ஏறவில்லை. அன்றுதான் தோல் மருத்துவரிடம் போனோம்.

அவர் முதலில் கேட்ட கேள்வி, "சீரத்துக்கு மேல என்ன போடுறீங்க?"

"ஒண்ணும் இல்லை டாக்டர். அதுவே தண்ணியைப் பிடிச்சு வைக்கும்னுதானே போட்டிருக்கு? தன்னோட எடையைப் போல ஆயிரம் மடங்கு தண்ணியாம்!"

அவர் சிரித்தார். "வீட்டுல சப்ஜா விதை இருக்கா? ஊற வெச்சு, ஒரு தட்டுல கொஞ்சம் திறந்து வைங்க. இன்னொரு தட்டுல வெச்சு மூடுங்க. காலைல பாருங்க" என்றார்.

ராத்திரி அப்படியே வைத்தேன். மூடிய தட்டில் சப்ஜா காலையிலும் கொழகொழவென்று இருந்தது. திறந்து வைத்த தட்டில், விதையைச் சுற்றியிருந்த ஜெல்லி முழுக்க வற்றி, கண்ணாடித் தாள் போலத் தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. என் மகளின் கன்னத்தில் தினமும் இரண்டு வேளை நடந்ததும் இதுதான்.

அடுத்த முறை போனபோது டாக்டர் விளக்கினார். ஹையலூரானிக் ஆசிட் என்பது இரண்டு வகைச் சர்க்கரை மூலக்கூறுகள் மாறி மாறிக் கோத்த நீளமான சங்கிலி. 1934-ல் மாட்டின் கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லியிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். நம் தோலுக்குள்ளும் அது இயற்கையாகவே இருக்கிறது. சங்கிலி நெடுக எதிர்மின்சுமை இருப்பதால் ஒரு கண்ணி இன்னொன்றைத் தள்ளும். அதனால் அது சுருண்டு ஒடுங்காமல், சிக்குவிழுந்த நூல்பந்து மாதிரி விரிந்து நிற்கும். அந்த இடைவெளியெல்லாம் தண்ணீர் நிறைந்துகொள்ளும். கொஞ்சூண்டு போட்டாலே தண்ணீர் வழவழவென்று கெட்டியாவது இதனால்தான்.

ஆனால், நூல்பந்துக்குள் நிற்கிற தண்ணீரில் பெரும்பகுதி பூட்டிவைத்த தண்ணீர் அல்ல. சங்கிலியோடு நெருக்கமாக ஒட்டியிருப்பது கொஞ்சம்தான். மீதியெல்லாம் சாதாரணத் தண்ணீர் போலவே ஆவியாகிவிடும். ஒரு சதவிகித சீரம் என்றால், 30 மி.லி. பாட்டிலில் இருக்கும் ஹையலூரானிக் ஆசிட் வெறும் 0.3 கிராம். மற்றதில் ஏறக்குறைய எல்லாமே தண்ணீர். நாம் தடவுவது அந்தத் தண்ணீரைத்தான்.

"அப்போ சென்னையில மட்டும் எப்படி வேலை செஞ்சுது?" என்றேன்.

"சென்னையில உப்பு ஜாடி கசியுமே, அதே காரணம்தான்" என்றார்.

சட்டென்று புரிந்தது. ஊரில் மழைக்காலத்தில் உப்பு தானாகவே நீர்த்துப்போகும். ரியாத்தில் அதே உப்பு மணல் மாதிரி உதிர்கிறது. முறுக்கைத் திறந்து வைத்தாலும் நமுத்துப்போவதில்லை. ஈரத்தை ஈர்க்கும் எந்தப் பொருளும், சுற்றியிருக்கும் காற்றைப் பொறுத்துத்தான் ஈரத்தை வைத்துக்கொள்ளும். சென்னைக் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 60 சதவிகிதத்துக்கு மேல். சீரத்திலிருந்து தண்ணீர் மெதுவாகத்தான் போகும். மிச்சமிருக்கும் மெல்லிய படலமும் காற்றிலிருந்து கொஞ்சம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். ரியாத் கோடையில் ஈரப்பதம் பத்து சதவிகிதம் வரைகூட இறங்கும். எங்கள் படுக்கையறையில் சின்ன ஈரப்பதமானி வாங்கி வைத்தபோது 16 காட்டியது. அந்தக் காற்றிடம் வாங்க ஒன்றுமே இல்லை. படலத்துக்குக் கிடைப்பது, கீழே தோலின் உள்ளடுக்கிலிருந்து மேலே ஏறிவரும் தண்ணீர் மட்டும்தான். அதையும் காற்று வாங்கிக்கொண்டு போய்விடும், ஏனென்றால் இந்தப் படலத்துக்குத் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் சக்தி கிடையாது. காய்ந்த படலம் இறுகுவதைத்தான் அவள் 'இழுக்குது' என்றாள். நான் அதைத் தாகம் என்று நினைத்து, இன்னும் சீரத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு டாக்டர் சொன்னது, இரண்டு வாரம் சீரமே வேண்டாம் என்பதுதான். வெடித்த தோலில் எதைப் போட்டாலும் எரியும். நுரை அதிகம் வராத க்ளென்சர், செராமைடு உள்ள கெட்டியான க்ரீம், ராத்திரியில் அதன் மேல் லேசாகப் பெட்ரோலியம் ஜெல்லி. அவ்வளவுதான். நான்காம் நாள் உரிதல் நின்றது, பத்தாம் நாள் சிவப்பு போனது. அப்படிக் குறையாமல் அரிப்போ, நீர் வடிதலோ இருந்தால் அது வெறும் வறட்சியாக இல்லாமல் எக்ஸிமாவாகவும் இருக்கலாம், உடனே வரவேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

எனக்கு மட்டும் ஆவல் அடங்கவில்லை. என் முகத்திலேயே சோதித்தேன். ஐந்து நாள், ராத்திரி மட்டும். இடது கன்னத்தைத் துடைத்துக் காயவிட்டு, பழையபடி சீரம் மட்டும். வலது கன்னத்தைத் துடைக்காமல், ஈரம் சொட்டாமல் ஒற்றிவிட்டு, அந்த ஈரத்தின் மேலேயே இரண்டு சொட்டு சீரம். அது காய்வதற்குள், ஒரு நிமிடத்துக்குள்ளாகவே, மேலே க்ரீம். மூன்றாம் நாளே இடது கன்னத்தில், சிரிக்கும்போது தாள் கசங்கியதுபோல மெல்லிய கோடுகள். வலது கன்னம் சென்னையில் இருந்த மாதிரியே இருந்தது. அதே பாட்டில், அதே முகம். மாறியது மேலே போட்ட மூடி மட்டும்தான்.

போனில் இதை என் மாமியாரிடம் சொன்னேன். "குளிச்சதும் ஈரத்தோட எண்ணெய் தடவுன்னு சொன்னா, பிசுபிசுன்னு இருக்குன்னு முகத்தைச் சுளிப்பியே" என்றார். தேங்காய் எண்ணெயும் ஒரு மூடிதான். பெட்ரோலியம் ஜெல்லி அளவுக்குத் தடுக்காது, பரு வரும் முகத்துக்கு ஒத்துவராது. ஆனால், ஈரம் காயும் முன் மூட வேண்டும் என்ற கணக்கை அத்தை சரியாகத்தான் வைத்திருந்தார்.

மகள் இப்போது தன் சீரத்தைத் தானே போட்டுக்கொள்கிறாள். பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே க்ரீம் டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள். நான் எதுவும் சொல்வதில்லை. 'இன்னும் ரெண்டு சொட்டு போடு' என்று சொன்ன வாய்தானே இது.