முதல்ல குடும்பம், அப்புறம்தான் நீ!

கலர் கலராய்த் திருகி விளையாடுகிற ரூபிக் கனசதுரம் தெரியுமில்லையா? 1974-ல் அதைக் கண்டுபிடித்தவரை உலகம் எர்னோ ரூபிக் என்கிறது. சொந்த நாடான ஹங்கேரியில் அவர் ரூபிக் எர்னோ! அங்கே குடும்பப் பெயர் முன்னால். அப்பா அம்மா ஆசையாய் வைத்த பெயர் பின்னால். ஜப்பானிலும் இதே வழக்கம்தான்.

"இவ்வளவுதானே? திருப்பிப் படிச்சாப் போச்சு" என்பீர்கள். வம்பே அந்தத் திருப்புதலில்தான் இருக்கிறது.

பி.காம். படித்த தோஷம், எழுத்து வேலை போக மிச்ச நேரத்தில் ஒரு ஏற்றுமதி ஆபீசுக்கு வெளிநாட்டுக் கடிதங்கள் எழுதிக் கொடுக்கிறேன். அங்கே ஹங்கேரியிலிருந்து ஆங்கிலத்தில் நாலு வரி ஈ-மெயில் வந்தது. கீழே கையெழுத்து: Laszlo Peter.

மானேஜருக்கு உலக ஞானம் ஜாஸ்தி. "ஹங்கேரிக்காரன் குடும்பப் பெயரைத்தான்யா முன்னாடி போடுவான். அதனால இவர் மிஸ்டர் லாஸ்லோ" என்று தீர்ப்புச் சொல்லி, சாம்பிள் பார்சலிலும் அப்படியே எழுதி அனுப்பிவிட்டார். அந்தக் கம்பெனி ரிசப்ஷனில் 'லாஸ்லோ என்ற குடும்பப் பெயரில் இங்கே யாருமில்லை' என்று பார்சல் நாலு நாள் தூங்கியது.

நடந்தது இதுதான். ஹங்கேரிக்காரர்கள் தங்கள் மொழியில் எழுதும்போதுதான் குடும்பப் பெயரை முன்னால் வைப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் நமக்குப் புரியட்டும் என்று அவர்களே பெரும்பாலும் திருப்பிவிடுவார்கள். திருப்பியதை மானேஜர் இன்னொரு தடவை திருப்பினார்! லாஸ்லோ, பீட்டர் இரண்டுமே அங்கே குடும்பப் பெயராகவும் வரும், ஆளின் பெயராகவும் வரும். பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

அதனால் முதலில், கடிதம் எந்த மொழியில் இருக்கிறது என்று பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் அந்தக் கம்பெனியின் ஹங்கேரி மொழிப் பக்கத்தில் அதே ஆளைத் தேடுங்கள். அங்கே முன்னால் நிற்பது குடும்பப் பெயர். அதுவும் கிடைக்காவிட்டால், அவர் போட்ட கையெழுத்தை முழுசாக அப்படியே எழுதிக் கூப்பிடுங்கள். கொஞ்சம் விறைப்பாக இருக்கும், தப்பாக இருக்காது.

ஒரு தமாஷ். அவர்கள் மொழியில் 'சார்' என்பதற்கு 'ஊர்' என்று பெயர். நம் 'சார்' மாதிரியே அதுவும் பெயருக்குப் பின்னால் வரும். கோவாச் என்ற குடும்பப் பெயர்க்காரருக்குக் கடிதம் 'மதிப்புக்குரிய கோவாச் ஊர்!' என்று ஆச்சரியக்குறியோடு தொடங்கும். கோவாச் என்றால் கொல்லர். நமக்கோ ஏதோ பஸ் நிறுத்தம் மாதிரி கேட்கும்.

ஜப்பானியர் விஷயம் இன்னும் கறார். ஆபீஸ் கடிதத்தில் குடும்பப் பெயரோடு 'சாமா' சேர்த்து, 'தனாகா சாமா' என்றுதான் ஆரம்பிப்பார்கள். பேச்சில் அது 'தனாகா சான்' ஆகும். இந்த 'சான்' அடுத்தவருக்கு மட்டுமே; தனக்குத்தானே யாரும் போட்டுக்கொள்வதில்லை. வெளிக் கம்பெனிக்கு எழுதும்போது தன் முதலாளியைக்கூட வெறும் 'யாமாதா' என்பார்கள். ஆபீசுக்குள் அவரைப் பார்த்து அப்படிச் சொன்னால் கதை கந்தல்!

ஆங்கிலத்தில் எழுதும்போது அவர்களும் ரொம்ப காலமாய்ப் பெயரைத் திருப்பித்தான் போட்டு வந்தார்கள். 2019-ல் அப்போதைய வெளியுறவு மந்திரி கோனோ தாரோ, 'எங்கள் பிரதமரை அபே ஷின்சோ என்றே எழுதுங்கள்' என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளைக் கேட்டுக்கொண்டார். 2020 ஜனவரி 1 முதல் அரசாங்கத்தின் ஆங்கிலக் காகிதங்களில் குடும்பப் பெயர் முன்னால் வருகிறது. தனியார் ஆபீசுகளில் இன்றும் இரண்டு விதமும் உண்டு. புத்திசாலிகள் TANAKA Ichiro என்று குடும்பப் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். அப்படி இருந்தால், எங்கே நின்றாலும் பெரிய எழுத்துதான் குடும்பப் பெயர்.

சரி, குடும்பப் பெயரே இல்லாத நாம்? நமக்கு இருப்பது இனிஷியல். பாரத்தில் குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில் அப்பா பெயரை விரித்து எழுதி வைத்தேன். அதைப் பார்த்து ஒரு ஜப்பானியர் எனக்கு எழுதுகிற ஒவ்வொரு கடிதமும் 'ராமசாமி சான்' என்றே தொடங்குகிறது.

'என்னை என் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்' என்று கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தால் போதும், மாற்றிக்கொள்வார். நானும் சேர்க்கலாம்தான். ஆனால், ஆயுசு முழுக்கக் குமாஸ்தாவாக இருந்து, "யோவ் ராமசாமி" என்றே கூப்பிடப்பட்டவர் என் அப்பா. அவர் போய் ஆறு வருஷமாகிறது. இப்போதுதான் கடல் கடந்து அவருக்கு ஒரு 'சான்' வருகிறது. வந்துவிட்டுப் போகட்டுமே!