பிளாஸ்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

நோயியல் செய்முறைத் தேர்வில் இரத்த ஸ்மியர் வைத்தால் பெரும்பாலான மாணவர்கள் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். எடுத்த எடுப்பில் நூறு மடங்கு லென்ஸைத் திருப்பி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பிளாஸ்டைத் தேடுகிறார்கள். தேடினால் கிடைக்கும், நாட்பட்ட மைலாய்டு லுகேமியாவிலும் நூறு வெள்ளணுக்களில் இரண்டு மூன்று பிளாஸ்ட் இருக்கத்தான் செய்யும். ஒன்றைக் கண்டதும் ‘அக்யூட் லுகேமியா’ என்று எழுதி எழுந்துவிடுகிறார்கள். தேர்வாளராக உட்கார்ந்திருக்கும்போது நான் அதிகம் திருத்தும் விடை இதுதான்.

முதலில் பத்து மடங்கு லென்ஸ் போதும். ஸ்மியரின் தடித்த தலைப்பகுதியை விட்டு வால் பக்கம் நகர்ந்து, சிவப்பணுக்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் பரவியிருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். தடித்த இடத்தில் செல்கள் விரிய இடமில்லாமல் சுருங்கி நிற்கும். அங்கே லிம்ஃபோபிளாஸ்டும் முதிர்ந்த லிம்ஃபோசைட் போலத்தான் தெரியும். வெள்ளணு எண்ணிக்கை குறைவாக இருந்தால் வாலின் நுனியையும் ஓரங்களையும் விட்டுவிடக் கூடாது. இழுக்கும்போது பெரிய செல்கள் அங்கேதான் ஒதுங்கும்.

பிறகுதான் எண்ணெய் லென்ஸ். லீஷ்மன் சாயம் சரியாக ஏறியிருந்தால் பிளாஸ்டை அறிவது கடினமல்ல. செல்லை ஏறக்குறைய முழுதாக நிரப்பும் உட்கரு, கட்டி தட்டாமல் மெல்லிய தூளாகப் பரவிய குரோமட்டின், அதற்குள் வெளிறிய நியூக்ளியோலஸ், சுற்றிலும் கொஞ்சம் நீலச் சைட்டோபிளாசம். சாயம் அதிகமாகி உட்கரு கருநீலத் திட்டாகிப் போயிருந்தால் இதில் எதுவும் தெரியாது. அந்த ஸ்லைடில் பிளாஸ்ட் இல்லை என்றும் சொல்ல முடியாது.

பிளாஸ்ட் தெரிந்த பிறகு அதன் அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும். தேர்வில் வைக்கத் தக்க இரண்டு ஸ்லைடுகளைச் சொல்கிறேன். முதலாவது, ஈறில் இரத்தக் கசிவும் காய்ச்சலுமாக வந்த பெண்ணுடையது. ஹீமோகுளோபின் 6.2, வெள்ளணு 48,000, பிளேட்லெட் 18,000. நூறு வெள்ளணு எண்ணினால் 78 பிளாஸ்ட், 14 லிம்ஃபோசைட், 6 நியூட்ரோபில். மீதி இரண்டே செல்கள். பிளாஸ்டும் இருக்கிறது, முதிர்ந்த நியூட்ரோபிலும் இருக்கிறது; இடையில் வரவேண்டிய மைலோசைட், மெட்டாமைலோசைட் காணோம். புலத்துக்குப் புலம் நகர்த்தினாலும் பிளேட்லெட் ஒன்றிரண்டுதான்.

இரண்டாவது, மண்ணீரல் தொப்புள்வரை இறங்கிய நடுவயதுக்காரருடையது. வெள்ளணு 1,80,000, பிளேட்லெட் நாலரை லட்சம். எண்ணிக்கையைப் பார்த்தால் இதுதான் பயங்கரம். ஆனால் எண்ணிப் பார்த்தால் பிளாஸ்ட் 3தான். மைலோசைட் 24, மெட்டாமைலோசைட் 13, பேண்டும் நியூட்ரோபிலும் சேர்ந்து 44, பேசோபில் 7. படி ஒன்றும் விடுபடவில்லை. மைலோசைட் குவிந்திருப்பதும் பேசோபில் ஏறியிருப்பதும் சேர்ந்தால் இது நாட்பட்ட மைலாய்டு லுகேமியா. அக்யூட் என்று சொல்ல 20 சதவீத பிளாஸ்ட் வேண்டும். இங்கே அதன் கிட்டத்தில்கூட இல்லை.

உண்மையில் தடுமாற வைப்பது மூன்றாவது ஒன்று. மழைக்காலத்தில் டெங்கு வார்டிலிருந்து வரும் குழந்தையின் ஸ்மியர். பிளேட்லெட் குறைவு, லிம்ஃபோசைட் மிகுதி, அவற்றில் பல பெரியவை, சிலவற்றில் நியூக்ளியோலஸ்கூடத் தெரியும். அனுபவசாலிக்கும் கை ஒரு கணம் நிற்கும். இங்கே நான் பார்ப்பது, செல்கள் ஒரே அச்சில் வார்த்தவையா, ஆளுக்கொரு விதமா என்பதை. டெங்குவிலோ வேறு வைரஸ் காய்ச்சலிலோ தூண்டப்பட்ட லிம்ஃபோசைட்டுகள் ஆளுக்கொரு விதமாக இருக்கும்: ஒன்று சிறிது, ஒன்று பெரிது, ஒன்று பிளாஸ்மா செல் சாயலில். சைட்டோபிளாசம் தாராளம், பக்கத்துச் சிவப்பணு இடித்த இடத்தில் விளிம்பு உள்வாங்கி, அந்த ஓரம் அடர்நீலமாக இருக்கும். அக்யூட் லுகேமியாவில் ஒரு பிளாஸ்டைப் பார்த்தால் மற்றவற்றைப் பார்த்த மாதிரிதான். ஹீமோகுளோபினும் கைகொடுக்கும், டெங்குவில் பிளாஸ்மா கசிந்து இரத்தம் கெட்டிப்படுவதால் அது பெரும்பாலும் குறைந்திருக்காது. அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால் இரண்டு மூன்று நாள் கழித்து மறு ஸ்மியர் கேட்பேன். வைரஸ் என்றால் அதற்குள் பிளேட்லெட் ஏறத் தொடங்கியிருக்கும்.

ஒன்று மட்டும், தேர்வுக்குப் போகிறவர்களுக்கு. பிளாஸ்டின் சைட்டோபிளாசத்தில் செந்நிற ஊசி போல ஆவர் ராட் தெரிந்தால் மைலாய்டு என்று துணிந்து எழுதலாம். தெரியாவிட்டால் ‘அக்யூட் லுகேமியா’ என்று நிறுத்தி, எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும் தேவை என்று எழுதுங்கள். அதற்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை. ஊகித்து வகை எழுதுகிறவருக்குத்தான் குறைக்கிறேன்.